எத்தைனிலிருந்து 2-ஹெப்டனோன்: ஒரே ஒரு புரோட்டானைச் சுற்றி நடக்கும் கதை

கேள்வி: "எம்.எஸ்சி. முதல் வருடம் படிக்கிறேன். எத்தைனிலிருந்து 2-ஹெப்டனோன் தயாரிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். NaOH போட்டு அசிட்டிலைடு எடுத்து எழுதினேன், தவறு என்று அடித்துவிட்டார்கள். சோடாமைடுதான் வேண்டுமா, ஏன்? அதே வழியில் 2-புரோமோபுரோப்பேன் போட்டால் 3-மெத்தில்-2-பியூட்டனோன் வர வேண்டியதுதானே, அதுவும் தவறாம். எங்கே பிசகுகிறேன்?"

நீங்கள் பிசகிய இரண்டு இடத்துக்கும் வேர் ஒன்றுதான். அசிட்டிலைடை ஒரு கருக்கவர் பொருளாக மட்டும் பார்க்கிறீர்கள். அது ஒரு வலுவான காரமும்கூட. அதை உண்டாக்க அதைவிட வலுவான காரம் வேண்டும் என்பது முதல் தவறுக்கு விடை. உண்டான பிறகு அதுவே காரமாக நடந்து உங்கள் ஹாலைடைக் கெடுக்கும் என்பது இரண்டாவதற்கு விடை. இனி விரிவாகப் பார்ப்போம்.

முதலில் அந்த ஹைட்ரஜன். ஈத்தேனின் pKa ஏறக்குறைய 50, எத்திலீனுக்கு 44, அசிட்டிலீனுக்கு 25. மூன்றுமே வெறும் C–H பிணைப்புதான், ஆனால் கடைசியில் இவ்வளவு பெரிய சரிவு. காரணம், புரோட்டான் போன பிறகு மிஞ்சும் எலக்ட்ரான் இணை எங்கே உட்கார்கிறது என்பது. sp³ ஆர்பிட்டாலில் s பங்கு கால்வாசி, sp² என்றால் மூன்றில் ஒரு பங்கு, sp-யில் சரிபாதி. s பங்கு கூடக்கூட அந்த இணை அணுக்கருவுக்கு நெருக்கமாக இருக்கும், கருவின் நேர்மின்சுமை அதை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், எதிரயனி நிலைப்படும். முப்பிணைப்பின் முனையில் உள்ள ஹைட்ரஜனுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. சங்கிலியின் நடுவில் முப்பிணைப்பு இருந்தால் அங்கே கழற்ற ஹைட்ரஜனே கிடையாது.

சரி, 25 என்பது மற்ற ஹைட்ரோகார்பன்களோடு ஒப்பிட்டால்தான் அமிலம். தண்ணீரின் pKa 15.7. அதாவது தண்ணீர் அசிட்டிலீனைவிட 100 கோடி மடங்குக்கும் மேலான அமிலம். நீங்கள் NaOH போட்டபோது எழுதிய சமன்பாட்டில் வலப்பக்கம் தண்ணீர் உண்டாகிறது இல்லையா, அந்தத் தண்ணீரே புரோட்டானை உடனே அசிட்டிலைடுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். சமநிலை மாறிலியைக் கணக்குப் போட்டால் 10-இன் அடுக்கு −9.3 வரும், அதாவது சுமார் 200 கோடியில் ஒன்று. சோடாமைடு போட்டால் வலப்பக்கம் அம்மோனியா, அதன் pKa 35-ஐ ஒட்டி. இப்போது மாறிலி 10-இன் அடுக்கு 10, ஆயிரம் கோடி. அசிட்டிலீன் முழுவதும் அசிட்டிலைடாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும்: கொஞ்சூண்டு அசிட்டிலைடு இருந்தாலும் அது வினையில் செலவாகச் செலவாகச் சமநிலை நகர்ந்துகொண்டே வராதா? வரும். அசிட்டிலீனைக் கீட்டோனோடு சேர்க்கும்போது KOH தூளை வைத்தே காரியம் நடக்கிறது. ஆனால் உங்கள் குடுவையில் இருப்பது ஆல்கைல் புரோமைடு. ஹைட்ராக்சைடு தானே அதைத் தாக்கும். 200 கோடிக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும் அசிட்டிலைடு வந்து சேர்வதற்குள் புரோமைடு பென்டனாலாகவும் பென்டீனாகவும் தீர்ந்துபோயிருக்கும். ஆகவே இந்த வினைக்குத் தேவை, புரோட்டானை முழுவதுமாக எடுத்து முடித்துவிட்டு மிச்சமில்லாமல் காலியாகிவிடும் காரம். விடைத்தாளில் இந்த ஒரு வரியைக் காரணமாக எழுதினாலே போதும்.

இப்போது உங்கள் 2-ஹெப்டனோன். CH₃CO– என்ற துண்டை முனைய ஆல்கைன் தரும், மீதி ஐந்து கார்பன் ஹாலைடிலிருந்து வரும். வழி இது:

```
HC≡CH  + NaNH2      → HC≡CNa + NH3
HC≡CNa + C5H11Br    → HC≡C-C5H11 + NaBr
HC≡C-C5H11 + H2O    → CH3-CO-C5H11     (HgSO4, H2SO4)
```

தாளில் மூன்று வரி. ஆய்வகத்தில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஏன் அந்த நிபந்தனை என்பது தானாகப் புரியும், அதனால் அதையும் சொல்கிறேன்.

மூன்று கழுத்துக் குடுவை, உலர் பனிக்கட்டி நிரப்பிய கண்டென்சர், நல்ல ஃபியூம் ஹூட். சுமார் 300 மில்லி திரவ அம்மோனியா எடுக்கிறோம், அது −33 டிகிரியில் கொதிக்கும். ஒரு துணுக்கு சோடியத்தைப் போட்டதும் மை கொட்டியதுபோல் ஆழ்ந்த நீலம் பரவும். அது சோடாமைடு இல்லை, அம்மோனியாவில் கரைந்து நிற்கும் எலக்ட்ரான்களின் நிறம். இதை சோடாமைடு என்று நினைத்து அசிட்டிலீனை உள்ளே விடுபவர்கள் உண்டு, அப்போது அசிட்டிலீனில் ஒரு பகுதி எத்திலீனாக ஒடுக்கம் அடையும். ஃபெரிக் நைட்ரேட் படிகம் ஒன்றிரண்டைப் போட்டால் இரும்பு வினையூக்கியாகி, ஹைட்ரஜன் குமிழ் விட, நீலம் மறைந்து சாம்பல் நிறக் கலங்கல் வரும். அதுதான் சோடாமைடு. 0.25 மோல் அளவுக்கு மொத்தம் 5.75 கிராம் சோடியம், துண்டு துண்டாக, ஒவ்வொரு முறையும் நீலம் போன பிறகு அடுத்தது.

அப்புறம் அசிட்டிலீன். சிலிண்டரில் அது அசிட்டோனில் கரைந்துதான் இருக்கிறது, வாயுவோடு அசிட்டோன் ஆவியும் வரும். அதை நீக்காமல் விட்டால் அசிட்டிலைடு அசிட்டோனின் கார்போனைலில் போய் ஒட்டி 2-மெத்தில்-3-பியூட்டைன்-2-ஆல் என்ற ஆல்கஹாலைத் தரும். அதனால் வாயுவை முதலில் ஒரு குளிர்பொறி வழியாகவும் பிறகு அடர் கந்தக அமிலம் வழியாகவும் கடத்துவார்கள். சோடாமைடு அம்மோனியாவில் சரியாகக் கரையாது, சோடியம் அசிட்டிலைடு நன்றாகக் கரையும். கலங்கல் தெளிவது வரை வாயுவை விட்டால் சோடாமைடு தீர்ந்தது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இந்த இடத்தில் கஞ்சத்தனம் கூடாது, கொஞ்சம் அதிகமாகவே விட வேண்டும். மிச்சமிருக்கும் சோடாமைடு அடுத்த படியில் புரோமைடோடு மோதி 1-பென்டீனாகவும் பென்டைல் அமீனாகவும் வீணாக்கும்.

இனி 1-புரோமோபென்டேன் 30 கிராம், அதாவது 0.2 மோல், ஒரு மணி நேரம் எடுத்துச் சொட்டுச் சொட்டாக. பல மணி நேரம் கலக்கிய பிறகு திட அம்மோனியம் குளோரைடைத் தூவி மிச்சக் காரத்தை அடக்கி, அம்மோனியாவை ஆவியாக விட்டு, தண்ணீர் சேர்த்து ஈதரில் பிரித்து, நீர்த்த HCl-ஆல் கழுவி, உலர்த்தி வடித்தால் 1-ஹெப்டைன் 99–100 டிகிரியில் வரும். கோட்பாட்டு அளவு 19 கிராம் சொச்சம். 13–14 கிராம் கையில் வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

இதில் என்ன பிசகும்? முதல் எதிரி தண்ணீர். 0.1 மோல் அளவில் செய்யும்போது குடுவைச் சுவரிலும் கண்டென்சரிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் ஈரம் இருந்தால் அது 0.055 மோல், உங்கள் காரத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போயிற்று. நான் முதன்முதலாக ஓர் ஆய்வகத்தில் இதைச் செய்தபோது, அடுப்பில் உலர்த்திய குடுவையை மூடாமல் மேசைமேல் ஆற வைத்துவிட்டு, மழைக்கால ஈரக் காற்றில் நிதானமாக மற்றதைத் தயார் செய்துகொண்டிருந்தேன். வடித்தபோது 100 டிகிரியில் ஒன்றிரண்டு மில்லிதான் வந்தது, 130-ஐ நெருங்கியதும் வெப்பமானி அப்படியே நின்றது. போட்ட புரோமோபென்டேனில் பெரும்பகுதி திரும்பி வந்துகொண்டிருந்தது. போட்ட ஹாலைடே திரும்பி வருகிறது என்றால் அசிட்டிலைடு உண்டாகவே இல்லை என்று அர்த்தம், குற்றவாளியை முதல் படியில் தேடுங்கள். அன்றிலிருந்து குடுவையைச் சூடாக இருக்கும்போதே பொருத்தி நைட்ரஜன் ஓட்டத்தில் ஆற வைக்கிறேன்.

கடையில் வாங்கிய சோடாமைடு பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருந்தால் சரி. மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் தொடாதீர்கள், காற்றுபட்டு உண்டான ஆக்சிஜனேற்றப் பொருட்கள் அதில் இருக்கும், வெடிக்கக்கூடியது. புதிதாகத் தயாரிப்பதே நல்லது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது பிசகு இன்னும் நுட்பமானது. உண்டான 1-ஹெப்டைனும் ஒரு முனைய ஆல்கைன்தானே, அதற்கும் pKa ஏறக்குறைய 25-தான். குடுவையில் இன்னும் வினைபுரியாத அசிட்டிலைடு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே புரோட்டான் கை மாறும், ஹெப்டைனைடு உண்டாகும், அது இன்னொரு புரோமோபென்டேனைப் பிடித்து 6-டோடெகைன் ஆகும். அசிட்டிலீன் அதிகமாக இருந்தால் புரோட்டான் கொடுக்க அதுவே முன்னால் நிற்கும், ஹெப்டைன் தப்பிக்கும். அசிட்டிலீனை மிகையாக விடச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். வடிகலத்தின் அடியில் கொதிக்க மறுக்கும் எண்ணெய் நிறைய மிஞ்சினால் இதைச் சந்தேகியுங்கள்.

சந்தேகத்தைத் தீர்ப்பது சுலபம். அகச்சிவப்பு நிறமாலையில் 1-ஹெப்டைனுக்கு 3300-ஐ ஒட்டிக் கூர்மையான ஒரு கோடும், 2120-இல் சிறிய கோடும் இருக்கும். சமச்சீரான 6-டோடெகைனில் இரண்டுமே தெரியாது. கருவி இல்லாத கல்லூரியில் அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட் போதும்: முனைய ஆல்கைன் இருந்தால் வெள்ளை வீழ்படிவு, இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த வீழ்படிவைக் காய விடக் கூடாது. உலர்ந்த சில்வர் அசிட்டிலைடு தட்டினாலே வெடிக்கும். ஈரமாக இருக்கும்போதே நீர்த்த நைட்ரிக் அமிலம் ஊற்றிச் சிதைத்துவிட வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, 2-புரோமோபுரோப்பேன். pKa 25 உள்ள அமிலத்தின் இணைக் காரம் எவ்வளவு வலுவானது என்று யோசித்துப் பாருங்கள், ஹைட்ராக்சைடைவிடப் பல கோடி மடங்கு. அது ஹாலைடை நெருங்கும்போது இரண்டு வாய்ப்புகள்: கார்பனின் பின்பக்கத்தில் தாக்குவது, அல்லது பக்கத்துக் கார்பனிலுள்ள ஹைட்ரஜனைப் பிடுங்குவது. முதல்நிலை ஹாலைடில் பின்பக்கம் திறந்து கிடக்கிறது, தாக்குதல் முந்துகிறது. இரண்டாம்நிலையில் இரண்டு மெத்தில் தொகுதிகள் வழியை அடைக்கின்றன, அதே சமயம் பிடுங்குவதற்கு ஆறு ஹைட்ரஜன்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீக்கல் வினை வெல்கிறது. கிடைப்பது புரோப்பீன், கூடவே நீங்கள் பாடுபட்டுப் புரோட்டான் எடுத்த அசிட்டிலீன் அப்படியே திரும்ப. மூன்றாம்நிலை ஹாலைடைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மூன்று கீட்டோன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெளிவாகிவிடும். 5-மெத்தில்-2-ஹெக்சனோன் வேண்டுமென்றால் ஹாலைடு ஐசோபென்டைல் புரோமைடு, கிளை தொலைவில் இருக்கிறது, நன்றாக நடக்கும். 4-மெத்தில்-2-பென்டனோனுக்கு ஐசோபியூட்டைல் புரோமைடு. அது பெயரளவில் முதல்நிலைதான், ஆனால் கிளை அடுத்த கார்பனிலேயே உட்கார்ந்து பின்பக்கத்தை மறைக்கிறது. வினை மந்தமாகும், நீக்கலும் தலைகாட்டும், விளைச்சல் குறையும். 3-மெத்தில்-2-பியூட்டனோனுக்கு நீங்கள் எழுதிய 2-புரோமோபுரோப்பேன், நடக்காது. அந்தக் கீட்டோனுக்கு அசிட்டிலீன் வழியையே விட்டுவிட்டு வேறு வழி தேட வேண்டும். "முதல்நிலை என்றால் சரி, இரண்டாம்நிலை என்றால் தவறு" என்று மனப்பாடம் செய்வதைவிடக் கிளை எவ்வளவு அருகே இருக்கிறது என்று பார்ப்பது என் அனுபவத்தில் அதிகம் கை கொடுக்கும்.

கிளையுள்ள துண்டு தேவைப்பட்டால் சில சமயம் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளலாம். 2,2-டைமெத்தில்-3-ஹெக்சைன் வேண்டும் என்று வையுங்கள். 1-பியூட்டைனும் மூன்றாம்நிலை பியூட்டைல் புரோமைடும் எடுத்தால் கிடைப்பது ஐசோபியூட்டிலீன்தான். 3,3-டைமெத்தில்-1-பியூட்டைனும் புரோமோஈத்தேனும் எடுத்தால் வேலை முடிந்தது. பருமனான பக்கத்தை ஆல்கைனில் வைத்துவிட்டு ஹாலைடை ஒல்லியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி ஏற்கெனவே நீளமான ஆல்கைனை மேலும் நீட்டும்போது திரவ அம்மோனியா அவ்வளவு உகந்ததல்ல, நீளச் சங்கிலிகள் அதில் சரியாகக் கரையாது. உலர்ந்த THF-இல் −78 டிகிரியில் n-பியூட்டைல் லித்தியம் சேர்ப்பார்கள். பியூட்டேனின் pKa 50 என்பதால் புரோட்டான் எடுப்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் லித்தியம் அசிட்டிலைடு சோம்பேறி. DMPU போன்ற துணைக் கரைப்பான் சேர்த்தால்தான் சாதாரண புரோமைடுகளோடு ஒழுங்காக வினைபுரியும். ஹாலைடில் எங்காவது ஒரு OH இருந்தால் அதை முதலில் மூடி மறைத்தாக வேண்டும், இல்லையென்றால் அசிட்டிலைடு அந்தப் புரோட்டானை எடுத்துக்கொண்டு செத்துவிடும்.

கடைசிப் படி, கீட்டோன். 1-ஹெப்டைன் 9.6 கிராம், 0.1 மோல். நீர் கலந்த மெத்தனாலில் கரைத்து, கொஞ்சம் கந்தக அமிலமும் சுமார் 1.5 கிராம் மெர்குரிக் சல்ஃபேட்டும் சேர்த்து இளஞ்சூட்டில் கலக்கினால் நீரேற்றம் நடக்கும். மெர்குரி அயனி முப்பிணைப்பில் அமர, தண்ணீர் உள்பக்கக் கார்பனைத் தாக்குகிறது, ஏனென்றால் நேர்மின்சுமையைத் தாங்க அந்தக் கார்பனுக்குத்தான் ஆல்கைல் தொகுதியின் ஆதரவு இருக்கிறது. மெர்குரி இருந்த இடத்துக்குப் புரோட்டான் வர, ஈனால் கிடைக்கிறது. ஈனால் நிற்காது, கீட்டோனாக மாறிவிடும். ஆக்சிஜன் உள்பக்கம், முனையில் மெத்தில்: 2-ஹெப்டனோன். 151 டிகிரியில் வடியும், நிறமாலையில் 3300-இல் இருந்த கோடு மறைந்து 1715-இல் வலுவான கோடு எழும். மணம் பழவாசனையும் நீலப் பூசணப் பாலாடைக் கட்டியின் வாசனையும் கலந்தது. வேலைக்காரத் தேனீக்களின் தாடைச் சுரப்பியில் இருப்பதும் இதே பொருள்தான்.

நீங்கள் ஏழு கார்பனை வேறு வழியில் எண்ணியிருக்கவும் கூடும்: 1-ஹெக்சைனோடு மெத்தில் அயோடைடு. கார்பன் கணக்கு சரியாக வரும், ஆனால் கிடைப்பது 2-ஹெப்டைன். முப்பிணைப்பின் இரண்டு முனையிலும் ஆல்கைல் இருப்பதால் தண்ணீருக்கு எந்தக் கார்பன் என்ற தெளிவு போய்விடும், 2-ஹெப்டனோனும் 3-ஹெப்டனோனும் கலந்து வரும், பிரிப்பது பெரும்பாடு. ஆகவே உள்பக்க ஆல்கைனை நீரேற்றம் செய்வதாக இருந்தால் அது சமச்சீராக இருக்கட்டும், 1-பென்டைனையும் 1-புரோமோபுரோப்பேனையும் சேர்த்த 4-ஆக்டைன் போல. அதிலிருந்து 4-ஆக்டனோன் மட்டும்தான் வர முடியும்.

வரிசையும் முக்கியம். நீட்டுவதை எல்லாம் முதலில் முடித்துவிட்டுக் கீட்டோனைக் கடைசியில் செய்ய வேண்டும். நீரேற்றம் ஆனதும் அந்த அமில ஹைட்ரஜன் போய்விட்டது, திரும்ப நீட்ட முடியாது. அது மட்டுமல்ல, கார்போனைல் உள்ள மூலக்கூறை அசிட்டிலைடுக்கு முன்னால் வைத்தால் அது புரோமைடை விட்டுவிட்டுக் கார்போனைலைத்தான் முதலில் தேடும், சிலிண்டரிலிருந்து வந்த அசிட்டோனுக்கு நடந்ததைப் போல.

மெர்குரி பற்றி ஒரு வார்த்தை. ரஷ்ய வேதியியலாளர் குசெரோவ் 1881-இல் கண்ட வினை இது. அசிட்டிலீனையே இப்படி நீரேற்றம் செய்தால் அசிட்டால்டிஹைடு வரும், நீண்ட காலம் தொழிற்சாலைகளில் அப்படித்தான் தயாரித்தார்கள். ஜப்பானின் மினமாட்டாவில் அந்த வினைக் கலனிலேயே பக்க விளைபொருளாக உண்டான மெத்தில்மெர்குரி கழிவுநீரோடு கடலுக்குப் போய், மீன் வழியாக மனிதர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது, அந்த உற்பத்தி 1968 வரை நிற்கவில்லை. அதனால் 1.5 கிராம்தானே என்று வினைக்கலவையின் நீர்ப்பகுதியைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மெர்குரிக் கழிவுக்கென்று தனிப் புட்டி, பெயர் எழுதி ஒட்டி, மூடியோடு. இப்போது பல ஆய்வகங்களில் இந்தப் படிக்குத் தங்கத்தின் பாஸ்பீன் அணைவுகளைப் பயன்படுத்துகிறார்கள், அவற்றில் மிகச் சிறிய அளவே போதும், ஆக்சிஜன் சேரும் இடமும் அதேதான். தேர்வில் HgSO₄, H₂SO₄ என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆய்வகத்தில் உங்களுக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால் தங்கத்தை எடுங்கள்.